ஜூனியரின் டிராஃப்ட்டைத் திருத்தாமல் திருத்துவது எப்படி? ஒரு தேயிலை நோட்டீஸ் சொல்லும் பாடம்

நீலகிரியில் சிறு தேயிலை விவசாயிகளுக்காக வேலை செய்யும் ஒரு சின்ன அமைப்பு என்று வைத்துக்கொள்வோம். பசுந்தேயிலையைத் தரமாகப் பறிப்பது பற்றி கோத்தகிரி பக்கம் ஒரு பயிற்சி நடத்தப்போகிறார்கள். ஊர் ஊராக ஒட்டவும் வாட்ஸ்அப்பில் அனுப்பவும் ஒரு நோட்டீஸ் வேண்டும். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமான ஜூனியர் அதை எழுதி சீனியருக்கு அனுப்புகிறார்:

“அன்பார்ந்த சிறு தேயிலை விவசாயிகளே! தரமான பசுந்தேயிலை உற்பத்தியின் முக்கியத்துவம் குறித்து விழிப்புணர்வு ஏற்படுத்தும் நோக்கில், நமது அமைப்பின் சார்பில் வரும் ஜூன் 14, செவ்வாய்க்கிழமை ஒருநாள் பயிற்சி முகாம் நடைபெற உள்ளது. உகந்த பறிப்பு இடைவெளி, இலைத் தர மேலாண்மை ஆகியவை குறித்து வல்லுநர்கள் விளக்க உள்ளனர். அனைவரும் தவறாது கலந்துகொண்டு பயன்பெறுமாறு கேட்டுக்கொள்கிறோம்.”

இலக்கணப் பிழை பெரிதாக இல்லை. ஆனால் இதைப் படித்துவிட்டு ஒரு விவசாயி ஒரு நாள் வேலையை விட்டு வருவாரா என்றால், சந்தேகம்தான். சீனியருக்கு இது படித்த உடனே தெரிந்துவிடும். கை தானாகக் கீபோர்டுக்குப் போகும். பத்தே நிமிடத்தில் முழுசாக மாற்றி எழுதி, ‘இதை அனுப்பிடுங்க’ என்று திருப்பிவிடலாம்.

அப்படிச் செய்தால் என்ன ஆகும்?

சிவப்புக் கோடுகள் சொல்லாத விஷயம்

கூகுள் டாக்ஸிலோ வேர்டிலோ சீனியர் செய்த நாற்பது மாற்றங்களும் ஜூனியரின் திரையில் வரிசையாகத் தெரியும். அவர் ‘அனைத்தையும் ஏற்றுக்கொள்’ என்பதை ஒருமுறை அழுத்துவார். வேலை முடிந்தது. எது மாறியது என்று அவருக்குத் தெரியும். ஏன் மாறியது என்று தெரியாது. அடுத்த நோட்டீஸும் “விழிப்புணர்வு ஏற்படுத்தும் நோக்கில்” என்றுதான் வரும்.

இன்னொரு இழப்பும் உண்டு. ஊருக்குள் போய் வருவது பெரும்பாலும் ஜூனியர்தான். எந்த ஊரில் யார் பறிக்கிறார்கள், இலை வண்டி எத்தனை மணிக்கு வருகிறது என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருக்கும். சீனியர் மாற்றி எழுதும்போது சீனியருக்குத் தெரிந்தது மட்டும்தான் நோட்டீஸில் ஏறும்.

அமெரிக்க ஆய்வாளர் நான்சி சாமர்ஸ் 1982-ல் வெளியிட்ட கட்டுரை இந்த விஷயத்தில் இன்றும் பேசப்படுகிறது. மாணவர்களின் எழுத்தில் 35 ஆசிரியர்கள் எப்படிக் குறிப்பு எழுதுகிறார்கள் என்று அவரும் சகாக்களும் பார்த்தார்கள். இரண்டு விஷயங்கள் தெளிவாகத் தெரிந்தன. ஒன்று, ஆசிரியரின் குறிப்புகள் மாணவரின் கவனத்தை, தான் சொல்ல வந்ததிலிருந்து ஆசிரியர் எதிர்பார்ப்பது என்ன என்பதற்குத் திருப்பிவிடுகின்றன. இரண்டு, பல குறிப்புகள் எந்தக் கட்டுரையின் ஓரத்தில் எழுதினாலும் பொருந்தும். ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி. “தெளிவாக எழுதவும்” என்பது நம் ஊர் ஸ்டாம்ப்.

ஆக, மாற்றி எழுதாமல் இருந்தால் மட்டும் போதாது. எழுதுகிற குறிப்பு அந்த நோட்டீஸுக்கு மட்டுமே பொருந்துவதாக இருக்க வேண்டும்.

முதலில் வாசகராகப் படியுங்கள்

முதல் முறை படிக்கும்போது கீபோர்டைத் தொடாதீர்கள். படித்து முடித்ததும், நோட்டீஸைப் பெறப்போகிறவரின் இடத்தில் நின்று, உங்கள் மனதில் என்ன ஓடியது என்பதை மூன்று நான்கு வரியில் மேலே எழுதுங்கள். பீட்டர் எல்போ என்ற எழுத்துப் பயிற்சியாளர் 1973-ல் எழுதிய நூலில் வலியுறுத்தியது இதைத்தான்: நல்லது, கெட்டது என்று தீர்ப்பு சொல்லாமல், படித்தபோது உங்களுக்குள் நடந்ததைச் சொல்லுங்கள்.

நம் நோட்டீஸுக்கு அது இப்படி இருக்கலாம்:

“ரெண்டு ஏக்கர் வெச்சிருக்கிற ஒருத்தரா இதைப் படிச்சேன். ஏதோ பயிற்சி இருக்குன்னு புரிஞ்சுது. எனக்கு அதுல என்ன கிடைக்கும்னு புரியலை. எங்க, எத்தனை மணிக்குன்னு தேடினேன், கிடைக்கலை. ‘இலைத் தர மேலாண்மை’ வந்ததும் இது நமக்கில்லைன்னு தோணிச்சு.”

இதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. ஆனால் எங்கே ஓட்டை என்பது ஜூனியருக்குப் பளிச்சென்று தெரியும். வாசகருக்கு அப்படித் தோன்றியிருக்கக் கூடாது என்று யாரும் வாதாட முடியாதல்லவா?

மூன்று குறிப்பு போதும்

அடுத்து, கண்ணில் பட்ட எல்லாவற்றையும் எழுதாதீர்கள். மூன்றைத் தேர்ந்தெடுங்கள். யாருக்காக, எதற்காக என்பது முதலில். என்ன தகவல் விட்டுப்போனது என்பது அடுத்து. சொல், நடை எல்லாம் கடைசி.

இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது. “இந்தப் பத்தியே வேண்டுமா, யோசியுங்கள்” என்று எழுதிவிட்டு, அதே பத்தியில் ஒற்றுப்பிழையையும் வட்டமிட்டால் ஜூனியர் எதைச் செய்வார்? சுலபமானதை. ஒற்றைத் திருத்திவிட்டு, பத்தியை அப்படியே விட்டுவிடுவார். சாமர்ஸ் பார்த்ததிலும் இந்த முரண் அடிக்கடி வந்தது. தூக்கப்போகிற வாக்கியத்தில் சந்தி பார்க்க வேண்டாம்.

ஒவ்வொரு குறிப்பிலும் மூன்று பகுதி இருக்கட்டும்: எந்த இடம், அங்கே வாசகருக்கு என்ன ஆகிறது, ஜூனியர் என்ன முடிவெடுக்க வேண்டும். மாற்று வாக்கியத்தை மட்டும் நீங்கள் தராதீர்கள்.

முதல் குறிப்பு, “சிறு தேயிலை விவசாயிகளே” என்ற இடத்தில்:

“நிலத்துக்காரரைக் கூப்பிடுறோம். ஆனா அவர் தோட்டத்துல பறிக்கிறது யாரு? வீட்டுப் பெண்களா, கூலிக்கு வர்றவங்களா? பயிற்சிக்கு யார் வந்தா இலையோட தரம் மாறும்? அதை முடிவு பண்ணிட்டு அவங்களைப் பார்த்து எழுதுங்க.”

இது சொல்லைப் பற்றிய குறிப்பே இல்லை என்பதைக் கவனியுங்கள். நோட்டீஸ் யார் கைக்குப் போகிறது, கூடத்தில் யார் உட்கார வேண்டும் என்பது வெவ்வேறு கேள்வி. இதைச் சரிசெய்யாமல் நடையை எவ்வளவு மெருகேற்றினாலும் தவறான ஆள்தான் வருவார்.

இரண்டாவது, “முக்கியத்துவம் குறித்து விழிப்புணர்வு” என்ற இடத்தில்:

“இலை தரமா இருந்தா ஆலைக்கு நல்லது. விவசாயிக்கு என்ன? எடை போடுற இடத்துல அவருக்கு நடக்கிற ஒரு கஷ்டத்தை நீங்க பார்த்திருப்பீங்க. அதுல இருந்து தொடங்க முடியுமா?”

மூன்றாவது, “உகந்த பறிப்பு இடைவெளி” என்ற இடத்தில்:

“ஊர்ல இதை எப்படிச் சொல்லுவாங்க? வீட்டுல படுகு பேசிட்டு, தமிழ்ல படிக்கிறவங்களும் நிறைய இருக்காங்க. ஒருத்தர்கிட்ட வாய்விட்டுப் படிச்சுக் காட்டி, அவர் எந்த இடத்துல தடுமாறுறார்னு பாருங்க.”

இதே மூன்று இடத்திலும் “யாருக்கு?”, “பொதுவாக உள்ளது”, “எளிமையாக்கவும்” என்று எழுதியிருந்தால் இரண்டு நிமிடம் மிச்சம். ஆனால் ஜூனியர் உங்கள் மனதில் இருக்கும் விடையை யூகிக்க உட்கார்ந்திருப்பார். அதுவும் ஒருவகையில் மாற்றி எழுதுவதுதான். என்ன, உங்களுக்குப் பதில் அவர் கையால் எழுத வைக்கிறீர்கள்.

எதை நேராகச் சொல்லிவிடணும்?

எல்லாவற்றையும் கேள்வியாகக் கேட்க வேண்டியதில்லை. நோட்டீஸில் ஜூன் 14 செவ்வாய் என்றிருக்கிறது. காலண்டரில் அது ஞாயிறு. இதைப் போய் “தேதியைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?” என்று கேட்பது விளையாட்டு. “14 ஞாயிறு. எது சரின்னு பார்த்து மாத்துங்க” என்று முடித்துவிடுங்கள். பெயர், தொலைபேசி எண், தொகை, சட்டம், பாதுகாப்பு எல்லாமே இந்த வகை. பூச்சிமருந்தின் அளவு தப்பாக இருந்தால் அங்கே பாடம் நடத்தக் கூடாது.

நேரம் இல்லாத சூழலும் வரும். ஒரு மணி நேரத்தில் அச்சகத்துக்குப் போக வேண்டும் என்றால் நீங்களே மாற்றுங்கள். ஆனால் மாற்றியதைச் சொல்லுங்கள், மறுநாள் ஒரே ஒரு மாற்றத்துக்காவது காரணம் எழுதுங்கள்.

எவ்வளவு சொல்லியும் புரியவில்லையா? அப்போது ஒரு மாதிரி வாக்கியம் தரலாம். வேறு விஷயத்திலிருந்து தாருங்கள். கவ்வாத்து பற்றிய பழைய நோட்டீஸின் முதல் வரியைக் காட்டினால், அது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்பார். இதே நோட்டீஸுக்கான வரியைக் கொடுத்தால் அப்படியே ஒட்டிவிடுவார்.

பலித்ததா என்று எப்படித் தெரியும்?

இரண்டாவது டிராஃப்ட் சொல்லிவிடும். நம் ஜூனியர் இப்படி அனுப்புகிறார்:

“முற்றிய இலைன்னு எடையில கழிக்கிறாங்களா? எத்தனை நாளைக்கு ஒரு ரவுண்டு பறிக்கணும், எந்த இலையை விடணும்னு தோட்டத்திலேயே காட்டித் தர்றோம். உங்க வீட்டுல பறிக்கிறவங்களையும் கூட்டிட்டு வாங்க. ஜூன் 14 ஞாயிறு, காலை 10 மணி, சமுதாயக் கூடம். இலை வண்டி வர்றதுக்குள்ள முடிச்சிடுவோம்.”

இலை வண்டியைப் பற்றி சீனியர் எதுவும் சொல்லவில்லை. அதேபோல, ‘ஒருநாள் முகாம்’ என்பது அரை நாளாகச் சுருங்கியிருக்கிறது, பயிற்சி கூடத்திலிருந்து தோட்டத்துக்கு நகர்ந்திருக்கிறது. முதல் குறிப்பை யோசித்தபோது, பறிக்கிறவர்கள் எந்த நேரத்தில் வர முடியும் என்ற கேள்வி ஜூனியருக்கே வந்திருக்கிறது. குறிப்பு போடாத இடமும் மாறியிருந்தால் அவர் யோசித்திருக்கிறார் என்று அர்த்தம். நீங்கள் தொட்ட மூன்று இடம் மட்டும் மாறி, மற்றதெல்லாம் அப்படியே இருந்தால், உங்கள் குறிப்பை அவர் உத்தரவாக எடுத்துக்கொண்டார். டிராஃப்ட் முழுக்க உங்கள் குரலில் திரும்பி வந்தால், நீங்கள் கேள்விக்குள் விடையை ஒளித்து வைத்திருந்தீர்கள்.

இந்த இரண்டாவது டிராஃப்ட் நீங்கள் எழுதியிருக்கக்கூடியது போல இல்லாமல் இருக்கலாம். “கழிக்கிறாங்களா?” என்ற பேச்சுவழக்கு உங்களுக்குப் பிடிக்காமலும் போகலாம். இங்கே ஒரு கேள்வி மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: இது தப்பா, அல்லது என் பழக்கம் இல்லையா? தப்பென்றால் குறிப்பு எழுதுங்கள். பழக்கம் இல்லை என்பதுதான் காரணம் என்றால், நோட்டீஸை அப்படியே ஒட்ட அனுப்பிவிடுங்கள்.