காணாதவர்க்குக் காட்டும் சொல்: நேர்முக வருணனையும் தமிழ் வாக்கியமும்

1927-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 15-ஆம் நாள், இலண்டன் நகரை அடுத்த டுவிக்கன்ஹாம் திடலில் இங்கிலாந்தும் வேல்சும் ரக்பி ஆடின. பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகம் ஓர் ஆட்டத்தை, அது நடந்துகொண்டிருக்கும்போதே சொற்களால் நேயர்க்கு வழங்கியது அன்றுதான் முதன்முறை. ஒலிபெருக்கியின் முன் அமர்ந்தவர் வேக்லம் என்னும் முன்னாள் ரக்பி ஆட்டக்காரர். எப்படிப் பேசுவது என்று அவருக்குச் சொல்லித்தர முன்னோடி எவரும் இல்லை. ஆகவே ஒலிபரப்பை அமைத்தவர்கள் ஓர் ஏற்பாடு செய்தனர். போரில் பார்வை இழந்தோர்க்கான இல்லத்திலிருந்து ஒருவரை அழைத்துவந்து வேக்லத்தின் முன் அமர்த்தி, "இவருக்கு ஆட்டத்தைச் சொல்லுங்கள்" என்றனர். நாட்டு மக்களை நோக்கிப் பேசுவதை விட்டு, அருகிலிருக்கும் ஒருவருக்கு எடுத்துச் சொல்வதாக அந்த வேலை மாறிவிட்டது.

ஒரு வாரம் கழித்து, 22-ஆம் நாள், ஆர்சனல் குழுவும் ஷெபீல்டு யுனைட்டெட் குழுவும் மோதிய காற்பந்தாட்டம் ஒலிபரப்பாயிற்று. அதற்கு முன்னரே வானொலி இதழில் திடலின் படம் ஒன்று அச்சிடப்பட்டிருந்தது. திடலை எட்டுக் கட்டங்களாகப் பிரித்து எண் இட்டிருந்தனர். வேக்லம் ஆட்டத்தைச் சொல்லிக்கொண்டு போக, உடனிருந்த மற்றொருவர் பந்து எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ அந்த எண்ணை மட்டும் இடையிடையே சொல்லிவந்தார். வீட்டிலிருந்தவர்கள் படத்தை மடியில் வைத்துக்கொண்டு விரலால் பந்தைப் பின்தொடர்ந்தனர்.

அந்தப் படம் இப்போது வழக்கில் இல்லை. ஆனால் அது செய்த வேலையை வருணனையாளரின் நாக்கு செய்தாக வேண்டும். பந்து எங்கே இருக்கிறது, யாரிடம் இருக்கிறது, எத்திசையில் போகிறது என்னும் மூன்றும் தெரியாத நேயருக்கு மற்ற எதைச் சொன்னாலும் பயனில்லை. அதனால்தான் தேர்ந்த வருணனையாளர் தொடக்கத்திலேயே, "நான் பார்க்கும் நிலையில் இன்ன குழு இடமிருந்து வலமாக ஆடுகிறது" என்று சொல்லிவிடுவார். இடைவேளைக்குப் பின் குழுக்கள் பக்கம் மாறியதும் மறவாமல் மீண்டும் சொல்வார். இந்த ஒரு வாக்கியம் விடுபட்டால், பின்னர் வரும் "இடப்புறம்", "வலப்புறம்" எல்லாம் வெறும் ஓசையாகிவிடும்.

இனித் தமிழாசிரியர்களுக்கு உரிய செய்திக்கு வருவோம். தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று இறுதியில் நிற்பதே இயல்பு. எழுத்தில் இது அழகு. காற்பந்து வருணனையிலோ பெரிய இடையூறு. நேயர் காத்திருப்பது வினைக்காக. அது வருவதற்குள் திடலில் வேறு வினை நிகழ்ந்துவிடுகிறது.

எல்லாரும் அறிந்த ஒரு கோலை எடுத்துக்கொள்வோம். 1986-ஆம் ஆண்டு ஜூன் 22-ஆம் நாள், மெக்சிகோ நகரின் அஸ்டெக்கா அரங்கில், உலகக் கிண்ணக் காலிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக அர்ஜென்டினாவின் மரடோனா போட்ட இரண்டாவது கோல் அது. தம் பாதித் திடலிலேயே பந்தை வாங்கி, ஏறத்தாழ 60 மீட்டர் ஓடி, எதிர்த்தவர்களை ஒவ்வொருவராகத் தாண்டி, கோல் காவலர் ஷில்டனையும் கடந்து பந்தை உள்ளே தள்ளினார். எல்லாம் பத்து நொடிக்குள் முடிந்துவிட்டது. விரைந்து பேசினாலும் தெளிவு கெடாமல் நொடிக்கு இரண்டு, மூன்று தமிழ்ச் சொற்களுக்கு மேல் சொல்ல இயலாது. ஆக, வருணனையாளரின் கையிருப்பு இருபத்தைந்து சொற்கள்.

இலக்கணப் பிழையற்ற ஓர் உரைநடை வாக்கியத்தை இந்த ஓட்டத்தின் மேல் வைத்துப் பாருங்கள்: "என்ரிக்கேயிடமிருந்து நடுக்கோட்டுக்கு இப்பால் பந்தைப் பெற்றுக்கொண்ட மரடோனா, தம்மைச் சூழ்ந்துகொண்ட பியர்ட்ஸ்லி, ரீட் ஆகிய இருவரையும் சுழன்று ஏமாற்றிவிட்டு வலப்புறமாக விரைந்து ஓடுகிறார்." வாக்கியத்தில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் சொற்களெல்லாம் நீளமானவை. சொல்லி முடிக்க ஏழெட்டு நொடி ஆகும். "ஓடுகிறார்" என்னும் சொல் வாயிலிருந்து வரும்போது மரடோனா கோல் பெட்டியை நெருங்கிவிட்டிருப்பார். அடுத்த வாக்கியத்தைத் தொடங்குமுன் அரங்கம் ஆர்ப்பரிக்கும். பிந்திய வருணனையைக் கண்டுகொள்ள இதுவே அடையாளம்: கூட்டத்தின் கூச்சல் முதலில் கேட்கும், காரணம் பிறகு வரும். நேயர், "என்ன ஆயிற்று?" என்று வானொலிப் பெட்டியைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

அதே ஓட்டத்தை இப்படியும் சொல்லலாம்: "மரடோனா. நடுக்கோட்டுக்கு இப்பால். இருவர் சூழ்கின்றனர். சுழன்றார், தப்பினார். வலப்புறம் ஓடுகிறார். புட்சர் வருகிறார், ஏமாந்தார். பென்விக், அவரும் பின்னே. பெட்டிக்குள்! ஷில்டன் முன்னே வருகிறார். மரடோனா தாண்டினார். கோல்!" எண்ணினால் இருபத்திரண்டு சொற்கள். இதில் நெடிய எச்சங்கள் இல்லை. வினைமுற்று இரண்டு மூன்று சொற்களுக்கு ஒரு முறை வந்து விழுகிறது. தமிழ் இங்கே நமக்கு ஓர் உதவியும் செய்கிறது. "தப்பினார்" என்னும் ஒரே சொல்லில் செயலும் காலமும் செய்தவர் ஒருவர் என்பதும் அடங்கியுள்ளன. ஆங்கிலத்தில் எழுவாயைத் தனியே சொல்ல வேண்டிய இடத்தில் நாம் விகுதியோடு முடித்துக்கொள்ளலாம். முடியாத செயலுக்கு நிகழ்காலம், முடிந்ததற்கு இறந்தகாலம் என்று மாற்றி வைத்தால், எது நடந்துவிட்டது, எது இனி முடிய வேண்டும் என்பதும் தானே விளங்கும்.

இந்த உதவியிலேயே ஒரு பொறியும் இருக்கிறது. கடைசியில், "ஷில்டன் முன்னே வருகிறார். தாண்டினார்" என்று மட்டும் சொன்னால், தாண்டியவர் ஷில்டன் என்றே பொருள்படும். எழுவாய் மாறும் இடத்தில் மட்டும் பெயரைச் சொல்லியே தீர வேண்டும். சொல் சிக்கனத்துக்கு அதுவே எல்லை.

அந்தக் கோலை ஸ்பானிய மொழியில் வருணித்தவர் உருகுவே நாட்டில் பிறந்த விக்டர் உகோ மொராலெஸ். அவருடைய வருணனை இன்றும் அர்ஜென்டினாவில் பலருக்கு மனப்பாடம். தொடக்கத்தில் அவர் முறை தவறவில்லை: பந்து யாரிடம், எத்தனை பேர் மறிக்கின்றனர், எந்தப் பக்கம் ஓட்டம் என்று மூன்றையும் சொன்னார். பிறகு மரடோனா தம் தோழர் புருச்சாகாவுக்குப் பந்தைத் தரப்போகிறார் என்றார், மரடோனா தரவில்லை. அதன்பின் அவர் வாயில் பெரும்பாலும் வந்தவை "மேதை" என்னும் பொருள்படும் ஒரே சொல்லும், பொருளற்ற ஓசைகளும், இறுதியில் "கோல்" என்னும் கூவலுமே. கோல் விழுந்தபின் அழுதுகொண்டே மரடோனாவை விண்வெளிப் பட்டம் என்று பாராட்டிக் கடவுளுக்கு நன்றி சொன்னார். உணர்ச்சிக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. எனினும் ஷில்டன் எவ்வாறு ஏமாந்தார் என்பதை அதுவரை வானொலியை மட்டுமே கேட்டவர் அறிந்திருக்க மாட்டார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஒருவர் என்ன செய்யப்போகிறார் என்று முன்கூட்டிச் சொல்வது எவ்வளவு இடர் நிறைந்தது என்பதற்கும் அதே பத்து நொடியில் எடுத்துக்காட்டு இருக்கிறது.

நெடிய வாக்கியத்துக்கு வருணனையில் இடமே இல்லையோ என்று ஆசிரியர்கள் வருந்த வேண்டா. கோல் விழுந்தபின் ஆட்டம் மீண்டும் தொடங்க ஒரு நிமிடமாவது ஆகும். முதலில் கோல் என்பது, அடுத்து யார் என்பது, பிறகு கோல் கணக்கு; இவை முடிந்ததும் எப்படி என்பதைச் சொல்ல நேரம் கிடைக்கிறது. முன்பு நாம் ஒதுக்கிவைத்த அந்த உரைநடை வாக்கியம் அப்போது பொருந்தி வரும். முடிவு தெரிந்தபின் வினைமுற்றுக்காகக் காத்திருப்பது நேயருக்கு இன்பமே.

காட்சி கண்முன் நிற்பதற்கு அடைமொழிகளை நம்புவோர் பலர். "அருமையான உதை", "அபாரமான ஆட்டம்" என்பவற்றைக் கேட்டு எவரும் எதையும் காண முடியாது. தமிழின் வினைச்சொற்களே போதும். பந்தை "உருட்டினார்" என்றால் அது தரையோடு மெல்லப் போகிறது. "தூக்கினார்" என்றால் தலைக்கு மேலே போகிறது. "தட்டினார்" என்றால் அருகில் இருப்பவருக்கு. "முட்டினார்" என்றால் தலையால். உயரமும் வேகமும் தொலைவும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன. எல்லாவற்றுக்கும் "அடித்தார்" என்னும் ஒன்றையே வழங்கினால் இவ்வளவும் வீணாகும்.

காற்பந்தில் நேரம் போதாது. கிரிக்கெட்டில் அது மிஞ்சும். டெஸ்ட் ஆட்டத்தில் மணிக்கு 15 ஓவர் வீச வேண்டும் என்பது விதி. ஓவருக்கு நான்கு நிமிடம். பந்து ஒன்றுக்கு நாற்பது நொடி. அதில் பந்துவீச்சாளர் ஓடிவந்து வீசி, பந்து அடிபட்டு நிற்பது பெரும்பாலும் பத்து நொடிக்குள். மீதி முப்பது நொடி யாரும் எதுவும் செய்வதில்லை. அரட்டை நுழையும் வாயில் இதுதான்.

அந்த முப்பது நொடியில் முதலில் கடன் தீர்க்க வேண்டும். அப்போதுதான் வானொலியைத் திருப்பிய நேயர் கேட்பது ஓட்டக் கணக்கை. அமெரிக்காவில் புரூக்லின் குழுவின் பேஸ்பால் ஆட்டங்களை வருணித்த ரெட் பார்பர், மூன்று நிமிட மணற்கடிகாரம் ஒன்றை முன்னால் வைத்திருந்தார். மணல் தீர்ந்ததும் கணக்கைச் சொல்லிவிட்டுக் கடிகாரத்தைக் கவிழ்ப்பார். முட்டை வேகவைக்க வைத்திருக்கும் கருவி அது. இதைவிட எளிய உபாயம் வேறு இல்லை.

கணக்குக்குப் பின், அடுத்த பந்துக்குத் தேவையானதைச் சொல்லலாம்: மட்டைக்கு அருகில் நின்றவர் எல்லைக்குப் போனாரா, காற்று எப்பக்கம் வீசுகிறது, பந்துவீச்சாளர் பந்தின் எப்பக்கத்தைத் துடைக்கிறார் என்பன. இவை வெறும் நிரப்பல் ஆகா. மூன்றாவது பந்தில் விக்கெட் விழும்போது, காவலர் இடம் மாறியதைக் கேட்டிருந்த நேயருக்குக் காரணம் முன்பே தெரிந்திருக்கும். பழங்கதையும் சொல்லலாம், ஆனால் பந்துவீச்சாளர் ஓடத் தொடங்கியதும் அதை அந்தரத்தில் விட்டுவிடும் துணிவு வேண்டும். இங்கும் நம் வாக்கிய அமைப்பே குறுக்கிடுகிறது. எச்சங்களால் கோத்த கதையை நடுவில் அறுத்தால் ஒன்றும் மிஞ்சாது. சிறு வாக்கியங்களில் சொல்லிவந்தால், எங்கே நிறுத்தினாலும் அதுவரை சொன்னது நிற்கும். ஓவர் முடிந்தபின் விட்ட இடத்தில் தொடரலாம். சென்னை வானொலியில் அப்துல் ஜப்பார், கூத்தபிரான் போன்றோர் கிரிக்கெட்டைத் தமிழில் சொன்ன காலத்தில், நேயர் இதையெல்லாம் இலக்கணமாக அறியாமலே கேட்டு மகிழ்ந்தனர்.

சொல்ல ஒன்றும் இல்லாதபோது வாயை மூடலாம். திடலின் முணுமுணுப்பும் தொலைவில் ஒருவர் கைதட்டுவதும் கேட்கும்படி மூன்று நான்கு நொடி விடுவது நேயரை அங்கேயே அமர்த்திவிடும். அதற்கு மேல் நீண்டால் பெட்டி பழுதென்று எண்ணிக் குமிழைத் திருகுவார். தொலைக்காட்சியில் இவ்வளவு அச்சம் வேண்டியதில்லை. ஆஸ்திரேலிய அணியின் தலைவராயிருந்து பின்னர் வருணனையாளரான ரிச்சி பெனோ, படம் சொல்லாத ஒன்று இருந்தால் மட்டுமே பேசுவது என்று வைத்துக்கொண்டார். அவர் பேசாத நேரமும் புகழ்பெற்றது.

வானொலியில் இந்த அளவை நன்கு அறிந்தவர் ஜான் ஆர்லட். காவல்துறையில் பணிபுரிந்து, கவிதை எழுதி, 1946 முதல் கிரிக்கெட் வருணித்தவர். 1980-ஆம் ஆண்டு செப்டம்பரில் இலார்ட்ஸ் திடலில் இங்கிலாந்து, ஆஸ்திரேலியா நூற்றாண்டு டெஸ்ட் ஆட்டத்தில் அவர் தம் கடைசி முறையைப் பேசினார். விடைபெறும் உரை ஒன்றை எல்லாரும் எதிர்பார்த்திருந்தனர். ஓவர் முடிந்தது. தமக்குப் பின் கருத்துரைப்பவர் யார், அடுத்து வருணிப்பவர் யார் என்று இரண்டு பெயர்களைச் சொல்லிவிட்டு எழுந்துவிட்டார். ஒலிபெருக்கியில் செய்தி அறிவிக்கப்பட்டதும் திடலிலிருந்தோர் கைதட்டினர். மட்டையாடிக்கொண்டிருந்த பாய்க்காட் கையுறைகளைக் கழற்றிவிட்டுத் தாமும் தட்டினார். அதை நேயருக்குச் சொல்ல வேண்டியவர் அடுத்து அமர்ந்தவர்.