மெல்யோரஷ்!

லிஸ்பனில் உங்கள் நண்பர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். போர்த்துக்கீசிய மொழியில் ஆறுதலாக என்ன எழுதி அனுப்புவீர்கள்?

"அஷ் மெல்யோரஷ்!" இது போதும் நேயர்களே. நேர்ப்பொருள் 'முன்னேற்றங்கள்'. சீக்கிரம் குணமாகட்டும் என்ற வாழ்த்து. பிரேசிலில் 'மெல்யோரஸ்' என்பார்கள். நெருங்கிய நண்பர் என்றால் கூடவே "உம் அப்ராசு", அதாவது 'ஓர் அணைப்பு' என்று முடியுங்கள். படிக்கும்போதே தோளில் கை விழுந்த மாதிரி இருக்கும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. வருத்தம் தெரிவிப்பதாக நினைத்து, அகராதியைப் பார்த்து "மேவுஷ் சென்டிமென்டுஷ்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். 'என் உணர்வுகள்' என்பதுதான் நேர்ப்பொருள். ஆனால் அங்கே அது துக்க வீட்டில் சொல்லும் வார்த்தை. கட்டிலில் தேறிக்கொண்டிருப்பவருக்கு இரங்கல் செய்தி போய்ச் சேர்ந்துவிடும்!