இது விளம்பரம் என்று எந்தப் படத்தில் எழுதுவது?

கற்பிட்டியிலிருந்து புத்தளம் நகர் வரை எத்தனையோ சகோதரிகள் இன்று கைத்தொலைபேசி வழியாகப் பொருட்களை அறிமுகம் செய்து சிறு வருமானம் தேடுகிறார்கள். கடைக்காரர் ஒரு பொருளை இலவசமாகத் தருவார், அல்லது பணம் கொடுப்பார். சிலர் கடையின் லிங்கைப் பகிர்ந்து, அதன் வழியாக யாராவது வாங்கினால் கொமிஷன் பெறுவார்கள். இவர்களுக்குப் படப்பதிவுகள் தயாரித்துக் கொடுப்பது என் தொழில். “இது அனுசரணையோடு செய்த பதிவு என்று எங்கே எழுதுவது? எழுதினால் பதிவின் அழகு கெட்டுவிடாதா?” என்பதே அவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி.

இன்ஸ்டகிராமில் விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கும் படத்தொகுப்பைக் ‘கரோசல்’ என்பார்கள். இந்தக் கேள்வி கரோசலில்தான் சிக்கலாகிறது. ஒரே படம் என்றால் எழுத ஓரிடம்தான் உண்டு. ஏழு படங்கள் என்றால் வாசகி எதைப் பார்ப்பாள், எதை விடுவாள் என்று நமக்குத் தெரியாது.

மறைத்ததால் வந்த வினை

அமெரிக்காவில் லோர்ட் அண்ட் டெய்லர் என்ற துணிக்கடை 2015 மார்ச்சில் ஒரு சட்டையை அறிமுகம் செய்தது. இன்ஸ்டகிராமில் பெயர் பெற்ற 50 பெண்களுக்கு அந்தச் சட்டையை இலவசமாகக் கொடுத்து, ஆளுக்கு 1,000 முதல் 4,000 டொலர் வரை பணமும் கொடுத்தது. கடையின் பெயரையும் ஒரு ஹேஷ்டேக்கையும் கட்டாயம் போட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியது. பணம் பெற்றதைச் சொல்ல வேண்டும் என்று மட்டும் எழுதவில்லை. பதிவுகளை முன்கூட்டியே பார்த்து அனுமதித்ததும் அந்தக் கடைதான். சட்டை வேகமாக விற்றுத் தீர்ந்தது. 2016 மார்ச்சில் அந்நாட்டின் மத்திய வர்த்தக ஆணைக்குழு இது மக்களை ஏமாற்றும் செயல் என்று குற்றஞ்சாட்டியது. இனி அவ்வாறு செய்வதில்லை என்ற உடன்பாட்டுக்குக் கடை இணங்க வேண்டியதாயிற்று.

அந்தப் பதிவுகளில் கடையின் பெயர் இருந்ததைக் கவனியுங்கள். பெயரைப் போடுவதும் ‘நன்றி’ சொல்வதும் அறிவிப்பு ஆகாது. நம் நாட்டிலும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, வர்த்தகத்தில் பிறரை ஏமாற்றும் அல்லது ஏமாற்றக்கூடிய நடத்தையைத் தடை செய்கிறது.

தலைப்புரை மட்டும் போதுமா?

பலர் படங்களுக்குக் கீழே வரும் தலைப்புரையின் கடைசியில், இருபது ஹேஷ்டேக்குகளுக்கு நடுவே `#ad` என்று ஒன்றைச் செருகிவிடுகிறார்கள். தலைப்புரையின் தொடக்க வரிகள் மட்டும்தான் திரையில் தெரியும். மீதியைப் பார்க்க more என்பதைத் தொட வேண்டும். இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கழகம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டலும், அறிவிப்பு முதல் இரண்டு வரிகளுக்குள் வர வேண்டும் என்றே கூறுகிறது. அது ஆங்கிலத்திலோ விளம்பரத்தின் மொழியிலோ இருக்கலாம் என்கிறது. ஆனால் தமிழில் வாசிக்கும் நம் தாய்மாருக்கு `#sp`, `#collab` என்பவை எதையும் சொல்வதில்லை. ‘விளம்பரம்’ என்றால் எல்லோருக்கும் புரியும்.

இன்னொரு காரணமும் உண்டு. நம் ஊரில் ஒரு பதிவு இன்ஸ்டகிராமோடு நிற்பதில்லை. யாராவது ஒரு படத்தை மட்டும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வட்ஸ்அப் குழுவில் போடுவார்கள். தலைப்புரை அங்கே போகாது. படத்தில் எழுதியது மட்டுமே கூடப் போகும்.

முதற்படம் மட்டும் போதுமா?

அதுவும் போதாது. ஒருத்தி முதற்படத்தைப் பார்த்துவிட்டுத் தள்ளாமல் கடந்து போனால், அதே பதிவை இன்ஸ்டகிராம் பின்னர் அவளுக்கு இரண்டாம் படத்திலிருந்து காட்டுவதுண்டு. கடைசிப் படத்திலோ, பெரும்பாலானோர் வந்து சேராத இடத்தில் எழுதிய எழுத்தாகிவிடும். ஆகவே நான் பின்பற்றும் முறை இதுதான்: முதற்படத்தில் சுருக்கமாக ஒரு சொல், பொருளைப் பரிந்துரைக்கும் ஒவ்வொரு படத்திலும் அந்தப் பொருளுக்குரிய ஒரு வரி, தலைப்புரையின் முதல் வரியில் முழு விளக்கம்.

ஓர் உதாரணம்

கற்பிட்டிக் காற்றுக்குப் பறக்காத மூன்று ஸ்கார்ப்புகளைப் பற்றி ஒரு சகோதரி ஏழு படங்கள் போடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஸ்கார்ப்பைக் கடை இலவசமாகத் தந்தது. மற்ற இரண்டையும் அவள் தன் காசில் வாங்கினாள். மூன்றுக்கும் அவளிடம் கொமிஷன் லிங்க் இருக்கிறது.

முதற்படத்தில் ‘காற்றுக்குப் பறக்காத மூன்று ஸ்கார்ப்’ என்ற தலைப்பின் கீழேயே ‘விளம்பரம்’ என்று வரும். இரண்டாம் படத்தில் துணியைக் குத்தும் முறையை மட்டும் காட்டுகிறாள். அங்கே தனி வரி தேவையில்லை, மேல் மூலையில் ‘விளம்பரம்’ என்ற அதே சொல் இருந்தால் போதும். மூன்றாம் படம் இலவச ஸ்கார்ப்: ‘இதைக் கடை எனக்கு இலவசமாகத் தந்தது. நீங்கள் வாங்கினால் கொமிஷனும் உண்டு.’ நான்காம், ஐந்தாம் படங்கள் காசு கொடுத்து வாங்கியவை: ‘என் காசில் வாங்கியது. நீங்கள் வாங்கினால் எனக்குக் கொமிஷன் உண்டு.’ ஆறாம் படத்தில் விலை ஒப்பீடு. மூலையில் அதே சொல். ஏழாம் படத்தில் ‘லிங்க் என் புரொபைலில் இருக்கிறது. அதன் வழியாக வாங்கினால் எனக்குக் கொமிஷன் கிடைக்கும்’ என்பது ஒரே மூச்சில் வரும். தலைப்புரையில் லிங்க் போட்டால் அது தொட்டுத் திறக்காது என்பதால் எல்லோரும் புரொபைலுக்கு அனுப்புகிறார்கள். அதற்காக அறிவிப்பையும் புரொபைலில் மட்டும் வைக்கக் கூடாது. வாங்கும் ஆசை படத்திலேயே பிறந்துவிடுகிறது.

தலைப்புரையின் முதல் வரி: ‘விளம்பரம்: ஒரு ஸ்கார்ப் கடை தந்தது, இரண்டு நான் வாங்கியது, மூன்றுக்கும் கொமிஷன் உண்டு.’ இதில் அழகு எங்கே கெட்டது? பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வது போலத்தானே இருக்கிறது! ‘கருத்து என்னுடையதே’ என்று சேர்ப்பதில் தவறில்லை. ஆனால் அது கொமிஷனைச் சொன்னதாக ஆகாது.

எழுத்தும் இடமும்

அறிவிப்பு எழுத்து, படத்திலுள்ள மற்ற விளக்க எழுத்தின் அளவிலேயே இருக்கட்டும். வெள்ளைத் துணியின் மேல் சாம்பல் நிறத்தில் எழுதினால் எழுதாதது போலத்தான். பின்னால் ஓர் ஒற்றை நிறப் பட்டை வைத்து அதன்மேல் எழுதுங்கள். வலது மேல் மூலையில் 1/7 என்று படங்களின் எண்ணிக்கை தோன்றும்; அங்கே எழுதாதீர்கள், இடது மூலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஓரத்தையும் ஒட்டி எழுத வேண்டாம். முதற்படத்தின் அளவுக்கு மற்றப் படங்கள் வெட்டப்படும்போது ஓர எழுத்து போய்விடக்கூடும்.

கடை பணமோ பொருளோ தந்திருந்தால், பதிவிடும் திரையில் Add paid partnership label என்பதையும் தேர்ந்தெடுங்கள். அது உங்கள் பெயரோடு மேலே நிற்கும், படத்தைத் தள்ளினாலும் மறையாது. ஆனால் ஸ்கிரீன்ஷொட்டில் வெட்டுப்பட்டுப் போகும் என்பதால் படத்திலுள்ள எழுத்துக்கு அது மாற்று அல்ல.

பதிவிட்ட பிறகு தலைப்புரையைத் திருத்தலாம். படத்தில் எழுதியதைத் திருத்த முடியாது. ஆகவே முன்னரே சோதித்துப் பாருங்கள். வெயிலில் நின்று, தொலைபேசியைக் கை நீட்டும் தூரத்தில் பிடித்து, மூன்றாம் படத்தை மட்டும் வீட்டில் ஒருவரிடம் காட்டுங்கள். “இதில் இவளுக்கு என்ன கிடைக்கிறது?” என்று கேளுங்கள். உடனே பதில் வந்தால் அறிவிப்பு சரி. அவர் படத்தில் தேடத் தொடங்கினால், எழுத்தை இன்னும் பெரிதாக்குங்கள்.