உறக்கம் அன்று, எச்சரிக்கை

நேயர்களே, கல்முனையில் 75 வயது மூதாட்டி ஒருவர் மூன்று நாளாய் இருமுகிறார் என்று கொள்வோம். உடம்பு சுடவில்லை, இன்றோ ஓயாத உறக்கம். “உம்மா களைத்துப் போனா, விடியட்டும்” என்கிறார் மகன். ஆபத்து இங்கேதான். முதுமையில் நுரையீரலைக் கிருமி பற்றினாலும் காய்ச்சல் தோன்றாதிருக்கலாம்.

மார்பு எழுந்து தாழ்வதை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். அமைதியாயிருப்பவருக்கு 20 வரை இயல்பு. 30 ஆனால் பேராபத்து. நுரையீரலின் காற்றறைகளில் நீர் தேங்குவதால் இரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. மூச்சு விரைகிறது, அறிவு மங்குகிறது. அந்நிலையில் கொத்தமல்லிக் குடிநீர் புகட்டினால் அது மூச்சுக்குழாயில் இறங்கக்கூடும்.

தலைப்புறம் உயர்த்திச் சாய்த்து வைத்து, உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள். விடியும்வரை காத்திருந்தால், களைத்த மூச்சு மெதுவாகலாம். அதைத் தேறுதல் என்று எண்ணிவிடாதீர்கள்.