இஎம்ஐ மாறவில்லை, கடன் நீண்டுவிட்டது

2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதத்துக்கு உயர்த்தியது. ரெப்போவோடு இணைந்த வீட்டுக் கடன்களின் வட்டியும் கூடவே ஏறியது. ஆனால் பலருக்கு மாதாமாதம் பிடிக்கப்பட்ட இஎம்ஐ ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை. மீதித் தவணைகளின் எண்ணிக்கைதான் கூடியது.

எவ்வளவு கூடும்? 7 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்கு 30 லட்சம் வாங்கினால் இஎம்ஐ 23,259 ரூபாய். இரண்டு ஆண்டு கட்டியபின் அசல் மீதி சுமார் 28,52,000. பாக்கி 216 தவணைகள். இந்த நிலையில் வட்டி 9.5 சதவீதம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். (உண்மையில் படிப்படியாகத்தான் ஏறியது.) அதே இஎம்ஐயைக் கட்டினால் எத்தனை தவணை என்பதை எக்செல் சொல்லும்:

```
=NPER(9.5%/12, -23259, 2852000)
```

விடை ஏறக்குறைய 448. பதினெட்டு ஆண்டுக் கடன் முப்பத்தேழு ஆண்டுக் கடனாகிவிட்டது!

காரணம் ஸ்டேட்மெண்டிலேயே தெரியும். புதிய வட்டி மட்டும் மாதம் 22,578 ரூபாய். இஎம்ஐயில் அசலைக் கரைக்க எஞ்சுவது 681 ரூபாய்தான். கடன் எப்போது முடியும் என்பதை முடிவு செய்வது இந்த எச்சமே. வட்டி இன்னும் கால் சதவீதம் ஏறினால் அது 100 ரூபாய்க்கும் கீழே போய், தவணைகள் 690ஐத் தொடும். 10 சதவீதத்தில் எக்செல் `#NUM!` என்று காட்டும். வட்டியே இஎம்ஐயைத் தாண்டிவிட்டது, கடன் எந்நாளும் முடியாது என்று பொருள்.

விகிதம் எப்போது மாறியது என்பதை ஸ்டேட்மெண்டில் உள்ள மாத வட்டித் தொகையிலிருந்து கண்டுபிடிக்கலாம். ஆனால் அந்தத் தொகை கூடினாலே விகிதம் ஏறிவிட்டதாக நினைத்துவிடக் கூடாது. பல வங்கிகள் நாள் கணக்கில் வட்டி போடுகின்றன. அதே மீதிக்கு அதே 7 சதவீதத்தில் பிப்ரவரியின் 28 நாளுக்கு 15,315 ரூபாய் வரும், மார்ச்சின் 31 நாளுக்கு 16,956. அதனால் வட்டியை மீதியால் வகுத்து, 365ஆல் பெருக்கி, அந்த மாதத்தின் நாட்களால் வகுக்க வேண்டும். நூறால் பெருக்கினால் சதவீதம் கிடைக்கும். இந்த எண் அசைந்த மாதமே வட்டி மாறிய மாதம். மாத நடுவில் மாறியிருந்தால் அந்த ஒரு மாதம் இரண்டுக்கும் இடைப்பட்ட எண் வரும்.

வட்டி மாறும்போது இஎம்ஐயை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டும் சேர்த்தா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைக் கடன்காரருக்கு வங்கி தர வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. எத்தனை தவணை பாக்கி என்பதைக் காலாண்டு அறிக்கையில் காட்டவும் சொன்னது. நம் உதாரணத்தில் பழைய 216 தவணையிலேயே முடிக்க இஎம்ஐ 27,605 ஆக வேண்டும். மாதம் 4,346 ரூபாய் கூடுதல் என்பது பெரிய பாரம்தான், மொத்தம் 9.4 லட்சம் ஆகிறது. ஆனால் இஎம்ஐயைத் தொடாமல் விட்டால், வட்டி இதே நிலையில் நின்றால், கூடுதலாகக் கட்டும் 232 தவணைகள் ஏறத்தாழ 54 லட்சம்.