கம்பி போதும், கனம் போதுமா?

10 அடி அகலம், 23 அடி நீளத்தில் ஒரு கூடம். நீளம் அகலத்தைப் போல் இரு மடங்குக்கு மேல் இருப்பதால், மேல்தளத்தின் பாரம் ஏறக்குறைய முழுவதும் 10 அடிப் பக்கமாகவே சுவருக்கு இறங்கும். இதைத்தான் ஒருவழித் தளம் என்கிறோம். 5 அங்குலக் கனம் போதுமா, 6 வேண்டுமா?

பாரம் தாங்குவதை மட்டும் பார்த்தால் 5 அங்குலம் போதும். எம்20 கான்கிரீட்டில் 8 மி.மீ. கம்பியை 18 செ.மீ. இடைவெளியில் போட்டால், தளத்தின் எடை, தரைப்பூச்சு, சதுர மீட்டருக்கு 200 கிலோ புழக்கப் பாரம் எல்லாவற்றையும் அது தாங்கிவிடும். தளம் உடையாது. ஆனால் தொய்யும்.

தொய்வைக் கட்டுப்படுத்த ஐ.எஸ். 456 எளிய வழி ஒன்றைத் தருகிறது. தளத்தின் மேல்பரப்பிலிருந்து கம்பியின் நடுப்பகுதி வரையுள்ள ஆழத்தால் தாவு நீளத்தை வகுக்க வேண்டும். இரு முனையிலும் சும்மா தாங்கி நிற்கும் தளத்துக்கு அடிப்படை வரம்பு 20. கம்பி குறைவாகத் தேவைப்படும் தளங்களில் அந்த வரம்பு சற்று உயரும். 5 அங்குலத் தளத்தில், 20 மி.மீ. கவர் போக, ஆழம் 101 மி.மீ. தாவு நீளம் 3.1 மீட்டர். வகுத்தால் 31 வருகிறது. உயர்த்திய வரம்போ 26தான். இப்படிப்பட்ட தளத்தில் காலப்போக்கில் நடுப்பகுதி இறங்கி, மாடியில் நீர் தேங்கும். அதன்மேல் எழுப்பிய தடுப்புச் சுவரில் விரிசல் விழும்.

6 அங்குலமாக்கினால் ஆழம் 126 மி.மீ. விகிதம் 25 ஆகக் குறைகிறது, வரம்பு 29. தளம் தேறிவிட்டது. மெயின் கம்பியும் 20 செ.மீ. இடைவெளியில் போதும். 5 அங்குலத்திலேயே கம்பியை நெருக்கிப் போட்டும் வரம்புக்குள் கொண்டுவரலாம். ஆனால் பாரத்துக்குத் தேவையானதைவிடக் கணிசமாக அதிகக் கம்பி செலவாகும்.

நீளவாக்கில் போடும் டிஸ்ட்ரிபியூஷன் கம்பிக்கு வேறு வேலை. கான்கிரீட் உலரும்போதும் வெயிலில் விரிந்து சுருங்கும்போதும் வரும் இழுப்பை அது தாங்குகிறது. ஓரிடத்தில் விழும் பாரத்தை அக்கம்பக்கத்துக்குப் பகிர்கிறது. முறுக்குக் கம்பியானால் தளத்தின் குறுக்குப் பரப்பில் 0.12 சதவீதம் குறைந்தபட்சம் வேண்டும். நமது தளத்துக்கு மீட்டருக்கு 180 சதுர மி.மீ. வருகிறது, 8 மி.மீ. கம்பியை 25 செ.மீ. இடைவெளியில் போட்டால் சரியாக இருக்கும். இதைக் குறைத்தால் 10 அடிப் பக்கத்துக்கு இணையாக, சுவருக்குச் சுவர் விரிசல் ஓடும்.

இரண்டு கம்பியும் ஒரே தடிமன் என்பதால் கட்டும்போது திசை மாறிவிடுவது எளிது. மாறினால் பாரம் இறங்கும் பக்கத்தில் 20 செ.மீ.க்குப் பதில் 25 செ.மீ. இடைவெளிதான் கிடைக்கும், அந்தக் கம்பி 8 மி.மீ. மேலேயும் ஏறிவிடும். பலமும் ஆழமும் ஒன்றாகக் குறையும்.

எனவே கான்கிரீட் போடுமுன் டேப்போடு மேலே ஏறுங்கள். அடியில் கிடக்கும் கம்பி 10 அடிப் பக்கமாக ஓடுகிறதா, இடைவெளி 20 செ.மீ. இருக்கிறதா, அதன்கீழ் 20 மி.மீ. கவர் பிளாக் நிற்கிறதா என்று பாருங்கள். கான்கிரீட் விழுந்தபின் இவற்றைத் திருத்த வழியில்லை.