பிஎஸ்5-க்கு மானிட்டர் வாங்கப் போறீங்களா? பெட்டியில் இருக்கும் '1 எம்எஸ்' சொல்லாத விஷயம்

இரவு பத்து மணி. அறை விளக்கை அணைத்துவிட்டு பிஎஸ்5-இல் 'எல்டன் ரிங்' விளையாட உட்காருகிறார் ஒருவர். புது 27 இன்ச் மானிட்டர். பெட்டியில் '1 எம்எஸ்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஆனால் இருண்ட குகைக்குள் போய் கேமராவைத் திருப்பினால், பாறைகளின் ஓரத்தில் எல்லாம் கறுப்பு மையைத் தேய்த்துவிட்டது போல ஒரு இழுப்பு. மானிட்டர் பழுதா? இல்லை. அவர் வாங்கியது விஏ பேனல். அதன் குணமே அதுதான்.

ஒரு பிக்சல் ஒரு நிறத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற எடுத்துக்கொள்ளும் நேரம்தான் ரெஸ்பான்ஸ் டைம். (பட்டனை அழுத்தியதும் திரையில் தெரிய ஆகும் தாமதம் வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்க வேண்டாம்.) விநாடிக்கு 60 ஃபிரேம் ஓடும் கேமில் ஒரு ஃபிரேம் திரையில் நிற்பது சுமார் 16.7 மில்லி விநாடி. அதற்குள் பிக்சல் மாறி முடித்துவிட வேண்டும். முடியாவிட்டால் பழைய காட்சியின் மிச்சம் புதிய காட்சியின் மேல் படியும்.

விஏ பேனலில் கறுப்பைக் காட்டும்போது, உள்ளே இருக்கும் திரவப் படிகங்கள் செங்குத்தாக நின்று பின்விளக்கின் ஒளியை நன்றாக அடைத்துவிடுகின்றன. அங்கிருந்து அடர் சாம்பலுக்கு மாறக் கொடுக்கப்படும் மின்னழுத்தம் ரொம்பவே குறைவு. அதனால் படிகங்கள் மெதுவாகத்தான் சாய ஆரம்பிக்கும். பல விஏ பேனல்களில் இந்த மாற்றத்துக்கு மட்டும் 30 மில்லி விநாடி வரை ஆகலாம். அதாவது கிட்டத்தட்ட இரண்டு ஃபிரேம். வெளிச்சமான காட்சிகளில் இந்தச் சிக்கல் பெரிதாகத் தெரியாது. குகை, இரவு, நிழல் வந்தால்தான் மாட்டிக்கொள்ளும்.

அப்ப அந்த '1 எம்எஸ்' பொய்யா? முழுப் பொய் இல்லை. பெரும்பாலும் அது எல்லாவற்றிலும் வேகமான ஒரே ஒரு நிறமாற்றத்தின் கணக்கு. அதுவும் மெனுவில் Overdrive-ஐ உச்சத்தில் வைத்து எடுத்தது. அப்படி வைத்து விளையாடினால் நகரும் பொருளுக்குப் பின்னால் வெளிறிய நிழல் ஒன்று ஓடும். கன்சோலில் 60 ஃபிரேமில் ஆடும்போது இது இன்னும் மோசம். நடு அளவில் வைப்பதே மேல்.

சரி, ஐபிஎஸ் வாங்கிடலாமா? வேகத்தில் அது நம்பகமானது. இருட்டோ வெளிச்சமோ, ஏறக்குறைய ஒரே சீராக மாறும். ஆனால் கான்ட்ராஸ்ட்டில் அடி வாங்கும். வழக்கமான ஐபிஎஸ்ஸின் அளவு 1000:1, விஏவுடையது சுமார் 3000:1. வெள்ளை 300 நிட்ஸ் பிரகாசத்தில் இருந்தால், ஐபிஎஸ்ஸின் 'கறுப்பு' 0.3 நிட்ஸ் ஒளிரும், விஏவில் 0.1 மட்டுமே. பகலில் இந்த வித்தியாசம் கண்ணில் படாது. விளக்கை அணைத்தால் ஐபிஎஸ்ஸில் அதே குகை சாம்பல் பூசியது போலவும், திரையின் மூலைகள் லேசாக ஒளிர்வது போலவும் தெரியும்.

ஓஎல்இடியில் இந்தப் பேரமே இல்லை. பின்விளக்கு கிடையாது, ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும், தானே அணையும். கறுப்பு என்றால் பூஜ்யம். நிறம் மாற ஒரு மில்லி விநாடிகூட ஆகாது. ஆனால் இந்த வேகமே ஓரிடத்தில் உறுத்தும். 30 ஃபிரேமில் ஓடும் கேமில் ஒவ்வொரு காட்சியும் 33 மில்லி விநாடி அசையாமல் நின்று, சட்டென்று அடுத்ததுக்குத் தாவும். மெதுவான பேனல் அந்தத் தாவலைக் கொஞ்சம் மழுப்பிவிடும், ஓஎல்இடி அப்படியே காட்டிவிடும். கேம் அமைப்பில் Performance Mode இருந்தால் அதைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

பர்ன்-இன் பயமும் நியாயமானதுதான். தினமும் நாலு மணி நேரம் ஒரே கேம், ஒரே மூலையில் மேப், ஒரே ஹெல்த் பார் என்றால் அந்த இடத்துப் பிக்சல்கள் மற்றதைவிடச் சீக்கிரம் தேயும். அதே திரையில் பகலெல்லாம் ஆபீஸ் எக்செல்லும் திறந்திருந்தால் இன்னும் வேகமாக. வாரண்டியில் பர்ன்-இன் சேர்ந்திருக்கிறதா என்று படித்துப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

ஆகவே, இரவில் இருட்டறையில் மட்டும் விளையாடுபவர், பட்ஜெட்டும் இருந்தால், ஓஎல்இடி. பகல் வேலைக்கும் அதே திரைதான் என்றால் ஐபிஎஸ்; பின்னால் சுவரில் ஒரு சின்ன விளக்கு வைத்தால் சாம்பல் கறுப்பு அவ்வளவாகத் தெரியாது. கதை கேம்களை நிதானமாக ஆடுபவருக்கு விஏ போதும். விலை கூடிய சில விஏ மாடல்களில் இந்த இழுப்பு வெகுவாகக் குறைந்தும் இருக்கிறது.

ஷோரூமின் பளிச் வெளிச்சத்தில் மூன்றும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். அதனால் திருப்பிக் கொடுக்கும் அவகாசம் முடிவதற்குள், வீட்டில் விளக்கை அணைத்து, உங்கள் கேமிலேயே இருப்பதில் இருட்டான இடத்துக்குப் போய், கேமராவை மெதுவாக இடமும் வலமும் திருப்பிப் பாருங்கள்.